மேலிருந்து எடுத்த இருநூறு

மூலக்குளத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் பழைய பிறப்புப் பதிவுகளை ஸ்கேன் செய்வோம். பெயர், தேதி, ஊர் என்று பதிவுக்கு இருபது கட்டங்களை மென்பொருள் படித்து நிரப்பும். அது சரியாகப் படித்திருக்கிறதா என்று இருநூறு பதிவுகளை எடுத்து அசலோடு ஒப்பிட்டது நான். நாலாயிரம் கட்டங்களில் நாற்பது தப்பு.

"நூத்துக்கு ஒண்ணுதாம்மா. அனுப்பிடு," என்றார் மேனேஜர்.

"அந்த நாப்பதும் முப்பத்தாறு பதிவுல பரவிக் கெடக்கு சார். நூத்துக்குப் பதினெட்டு பேரோட பதிவு தப்பு. அதையும் எழுதணும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

மாலையில் ஸ்பீக்கர் போனில் வாடிக்கையாளர் தரப்பு அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த இருநூறை எப்படி எடுத்தீங்க?"

ஒவ்வொரு பதிவுக் கட்டிலும் மேலே தட்டச்சுப் பதிவுகள், அடியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிரெஞ்சிலேயே கையால் எழுதியவை. ஒப்பிடச் சுலபம் என்று எல்லாவற்றையும் மேலிருந்தே எடுத்திருந்தேன். பேசாதே என்று மேனேஜர் கண்ணைக் காட்டினார்.

"மேலேர்ந்து எடுத்தேன் மேடம்."

"குலுக்கிப் போட்டு எடுங்க," என்றார் அந்த அம்மாள்.

மொத்தப் பதிவு எண்களிலிருந்தும் கணினி குலுக்கி இருநூறைக் கொடுத்தது. அகராதியோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். கட்டக் கணக்கில் நூற்றுக்கு மூன்று தப்பு. பதிவுக் கணக்கில் ஏறக்குறையப் பாதி.

பிரெஞ்சில் பதிவான ஒரு குழந்தைகூட என் முதல் இருநூறில் இல்லை.