எருமைப்பால் ஊற்றாத நாட்கள்

முதல் அறை விழுந்தபோது அவள் எருமையின் காம்பைப் பிடித்திருந்தாள். பால் சிந்திவிடக் கூடாதென்று வாளியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டுதான் இரண்டாவதை வாங்கினாள். அடித்தவன் அவள் கணவனின் அண்ணன். அன்று காலை பால் சங்கத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அது அவள் வீடு வந்து சேர்வதற்குள் அவன் காதுக்கு வந்துவிட்டது.

"தனி நம்பர் கேக்குறியா? யாரைக் கேட்டுக் கேட்ட?"

"என் எருமை, என் பால். யாரைக் கேக்கணும் மாமா?"

மூன்றாவது அறைக்கு வாளி உருண்டது. சாணத்தில் கலந்து ஓடிய பாலைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. கன்னத்துக்காக அவள் அழுது பல வருடமாயிற்று.

தெருவில் அவளை எருமைக்காரி என்பார்கள். கிண்டலாகத் தொடங்கிய பெயர்தான். அவளே பிறகு அதை வைத்துக்கொண்டாள். "ஆமா, எருமைக்காரிதான். பசு மாதிரி தலையாட்டத் தெரியாது," என்பாள். கணவன் டிராக்டருக்கு அடியில் போன பிறகு செங்கல் சூளையில் மண் மிதித்து, காது கழுத்தில் கிடந்ததையும் விற்று, மூன்று எருமைகளை வாங்கினாள். கொட்டகை பொது. ஒரு பக்கம் மூத்தவனின் பசுக்கள், மறுபக்கம் அவள் எருமைகள். சங்கத்தில் வீட்டுக்கு ஒரே உறுப்பினர் எண்தான் இருந்தது. அது மூத்தவன் பெயரில் இருந்தது. பால் பணம் அவன் கணக்கில் விழும். அவன் மனம் வைத்தால் அவளுக்கு அரிசி வரும். மனம் வைக்காவிட்டால் வசவு மட்டும் வரும்.

இரண்டு வேளை கறப்பவளுக்கு ஒரு வேளைச் சோற்றை அளந்து போடுகிறவனைக் குடும்பத் தலைவன் என்று அழைக்கும் உலகம் இது. அவன் கையை ஓங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். அதற்குப் பெயர் மரியாதையாம்.

அவள் கேட்டதைத் தரச் சங்கத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சொந்தக் கறவையிலிருந்து தொடர்ந்து பால் ஊற்றிய வருமானப் பதிவு வேண்டும். "உன் பேர்ல ஒரு சொட்டுகூடப் பதிவு இல்லையேம்மா," என்றார் அன்று காலை பால் பணப் பட்டுவாடாவுக்கு வந்திருந்த மேற்பார்வையாளர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் கசிந்த கறை. "எல்லாம் உங்க மூத்தவர் பேர்ல இருக்கு. அவர் 'என் பால்'னு சொன்னா நான் என்ன பண்றது? அடுத்த பட்டுவாடாவுக்கு ரெண்டு பேரும் வாங்க. பட்டியலை வெச்சுப் பார்த்துடுவோம்."

அந்தப் பட்டியலைத்தான் மூத்தவனுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குத் தனி எண் வந்தால் பணம் கைமாறும்; பணம் கைமாறினால் எருமைகளைத் தன்னுடையவை என்று சந்தையில் விற்க முடியாது. வியாபாரியிடம் அவன் முன்பணமே வாங்கிவிட்டிருந்தான்.

அறை போதவில்லை என்று மறுநாள் மாலை கண்டுகொண்டான். அவள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலைத் தாண்டும்போது, மாடு கட்டும் இரும்பு முளையை எடுத்து வீசி அடித்தான். தலையைக் காக்க உயர்த்திய வலது முன்கையில் அது விழுந்தது. சத்தம் காய்ந்த விறகு முறிவது போல இருந்தது. கேன் கவிழ்ந்தது. கீழே கிடந்தவளின் விலாவில் இரண்டு உதை விட்டான்.

"இப்போ போய் ஊத்துடி தனி நம்பர்ல!"

ஓர்ப்படியான அவன் மனைவிதான் அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். வழியெல்லாம் ஒரே பேச்சு. "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? எனக்கு விழ வேண்டியதெல்லாம் இப்ப உனக்கு விழுது."

"அப்ப நீதான் எனக்கு நன்றி சொல்லணும்க்கா," என்றாள் எருமைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு.

ஓர்ப்படிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உடனே அழுதாள்.

விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. கறக்க முடியாது. "நான் கறப்பேன், இதென்ன பெரிய வித்தை," என்று மூத்தவன் மறுநாள் காலை எருமையடியில் உட்கார்ந்தான். பழகிய கை இல்லை, பழகிய குரல் இல்லை. எருமை பாலை அடக்கிக்கொண்டது. காம்பில் ஏற்கெனவே இறங்கி நின்ற கொஞ்சம்தான் வந்தது. அவன் அதன் தொடையில் தடியால் விளாசினான். அது ஒரு காலைத் தூக்கி அவன் மார்பில் வைத்து அனுப்பியது. எதிர்ச் சுவர்வரை போய் விழுந்தான். ஆத்திரத்தில் எழுந்து வந்து தடி ஒடியும்வரை அடித்தான். எருமையின் தோலில் வரிவரியாக ரத்தம் கசிந்தது. அதன் பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. ஓர்ப்படி கன்றுகளை அவிழ்த்து ஊட்டவிட்டாள். அதையும் செய்யாமல் இருந்திருந்தால் மடி கட்டி மூன்றும் கெட்டிருக்கும்.

அடுத்த பட்டுவாடா நாளில் சங்கத்தின் பால் அறை நிரம்பியிருந்தது. கழுவிய சிமெண்டுத் தரை, எடைமேடை, கொழுப்பு பார்க்கும் கருவி, அதன் பக்கத்தில் கம்ப்யூட்டர். பால் பரிசோதிக்கும் பெண்ணை எல்லோரும் டெஸ்டரம்மா என்பார்கள். அவள் நிமிர்ந்து மாவுக்கட்டைப் பார்த்தாள். மூத்தவன் இடுப்பில் செருகியிருந்த அரிவாளையும் பார்த்தாள். திரும்பத் தலையைக் குனிந்துகொண்டாள். யார் எந்தக் கேனைக் கொண்டுவருகிறார்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வாய் திறக்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை.

"மொத்தமும் என் பால்," என்றான் மூத்தவன். "கறக்கிறது நான், தீனி போடுறது நான். இவ கேனைத் தூக்கிட்டு வர்ற ஆளு. அவ்வளவுதான்."

மேற்பார்வையாளர் பட்டியலை அச்சடிக்கச் சொன்னார். மூத்தவன் எட்டிப் பார்த்து, அடியில் இருந்த தொகையைக் காட்டினான். "இதோ, என் பேர், என் பணம். தீர்ந்தது."

"கீழே நிக்கிறது தீவனத்துக்குப் பிடிச்சது போக மிச்சம்யா. வருமானத்தை அதுல பார்க்க முடியாது. மேலேர்ந்து வரணும்."

அவர் பேனாவால் வரிவரியாக வந்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி, காலையா மாலையா, எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு, லிட்டர் விலை, தொகை. பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் விலை அட்டவணை வேறு. அதனால் ஒரே எண்ணில் வந்தாலும் கேனுக்கு ஒரு வரி.

"ஒவ்வொரு வேளையும் ரெண்டு வரி வருது. இது ஆறு லிட்டர், கொழுப்பு மூணு புள்ளி ஒன்பது, லிட்டருக்கு முப்பத்தாறு, தொகை இருநூத்திப் பதினாறு. பசும்பால். அடுத்தது நாலரை லிட்டர், கொழுப்பு ஏழு புள்ளி ரெண்டு, லிட்டருக்கு அம்பத்தெட்டு, தொகை இருநூத்தி அறுபத்தொண்ணு. எருமை. வருஷம் பூரா இப்படியே. அளவு குறைஞ்சாலும் அவ பாலுக்குத்தான் காசு ஜாஸ்தி."

"எருமையும் நான்தான் கறந்தேன்!"

"சரி. அப்ப இதைச் சொல்லுங்க." பேனா ஓரிடத்தில் நின்றது. "இந்த மாலை எருமை வரியே இல்லை. மறுநாள் ஒண்ணேகால் லிட்டர், கொழுப்பு அஞ்சு புள்ளி ஒண்ணு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பசும்பால் மட்டும். ஆறு, ஆறு, ஆறு. எருமை என்ன ஆச்சு?"



டெஸ்டரம்மா தலை நிமிர்த்தினாள். "அரைகுறையாக் கறந்தா கொழுப்பு குறையும் சார். கொழுப்பு கடைசியாத்தான் இறங்கும். கறக்கத் தெரியாத கை கறந்த பால் அது. முதல்ல வர்ற நீர்ப்பால் மட்டும்." பிறகு மாவுக்கட்டைக் காட்டினாள். "வரி காணாமப் போனதும், அந்தக் கை முறிஞ்சதும் ஒரே சாயந்தரம்."

அடித்தவன் தன் அடியைத் தானே எழுதிக் கொடுத்திருந்தான். உண்மையிலேயே அவன் கறந்திருந்தால் அவள் கை முறிந்ததால் ஒரு சொட்டும் குறைந்திருக்காது.

அவன் பாய்ந்து பட்டியலைப் பிடுங்கினான், நாலாகக் கிழித்தான்.

"கிழிங்க," என்றாள் டெஸ்டரம்மா. "காகிதம் இன்னும் இருக்கு." பொத்தானை அழுத்தினாள். அச்சு இயந்திரம் கரகரத்தது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவனுக்கு வெறியேற்றியது. டெஸ்டரம்மாவை அறைந்தான், அவள் கருவிமேல் சாய்ந்தாள், மாதிரிக் குப்பிகள் தரையில் சிதறி உடைந்தன. எருமைக்காரியின் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தரையோடு இழுத்தான். கண்ணாடித் துண்டுகள் அவள் முழங்காலில் ஏறின. அவன் இன்னொரு கை அரிவாளுக்குப் போனது. வரிசை பின்வாங்கியது. பின்வாங்கியவர்களில் மூன்று பேர் அவளிடம் கடனுக்கு மோர் வாங்கிக் குடித்தவர்கள்.

அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இடது கைக்கு எட்டிய கேன் மூடியை எடுத்து, அதன் விளிம்பால் அவன் அரிவாள் கை மணிக்கட்டில் ஓங்கி இறக்கினாள். அரிவாள் தரையில் கணீரென்றது. மறுபடியும் இறக்கினாள், மூக்கில். சிமெண்டுத் தரையில் பாலும் ரத்தமும் சேர்ந்து ஓடின. "போதும்மா, போதும்!" என்று மேற்பார்வையாளர் கத்தினார். அவளுக்கு அது கேட்கவில்லை. மாவுக்கட்டாலேயே அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். கட்டு விரிந்தது. வலியில் அவளும் அலறினாள், அவனும் அலறினான். அதன் பிறகுதான் நான்கு பேர் வந்து அவனைப் பிடித்தார்கள். அவன் மூக்கில் ரத்தம் வந்த பிறகு வீரம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

காவலர்கள் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். டெஸ்டரம்மா வீங்கிய கன்னத்தோடு புதிய பட்டியலை நீட்டினாள். மேற்பார்வையாளர் எருமை வரிகளை மட்டும் கூட்டி, தீவனச் செலவில் அவள் பங்கைத் தனிக் கட்டத்தில் காட்டி, அவள் பெயரில் வருமானப் பதிவை எழுதினார். பால் வராத நாட்களுக்கு எதிரே காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. 'உடல்நலக் குறைவு' என்று எழுதினார்.

அவள் குனிந்து படித்தாள். கீழே சொட்டிய ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"எனக்கு ஒரு உடம்புக் குறைவும் இல்லை சார். அதை அடிச்சுட்டு நடந்ததை எழுதுங்க. யார் அடிச்சான்னும் எழுதுங்க."

"இது பால் கணக்கும்மா. இதுல அதுக்கு இடம்…"

"பால் நின்னது அதனாலதானே?"

அவர் கசியும் பேனாவை உதறினார். எழுதியதை அடித்துவிட்டு, அதன் மேலேயே பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினார்.