சிவப்பு வட்டம் கேட்காமல் விட்டது

சித்தி இறந்த வீட்டில் எனக்கென்று கொடுக்கப்பட்ட வேலை படம் ஒன்றுதான். பந்தலுக்கும் சமையலுக்கும் ஆட்கள் இருந்தார்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு வேண்டிய படத்தை மட்டும் எல்லோரும் ஒரே குரலில் என்னிடம் விட்டார்கள். பெரிதாக்கிச் சட்டம் போட்ட படத்தைத் துணியால் மூடி வைத்து, ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்க, பெரியவர் ஒருவர் துணியை விலக்குவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இறந்தவருக்கு அந்த முகம்தான்.

என்னிடம் விட்டதில் நியாயம் இருந்தது. நான் மயிலாடுதுறையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கி, பிறகு குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக நடவு போட்டவர்கள். ஃபோனில் எது வந்தாலும், அது வங்கிக் குறுஞ்செய்தியாக இருந்தாலும் சரி, உரமானியமாக இருந்தாலும் சரி, என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்படி நீட்டுவது எனக்குப் பிடிக்கும். அதை மறைத்துப் பயனில்லை.

சித்திக்கு நல்ல தனிப்படம் கிடையாது. எந்த விசேஷத்திலும் படம் எடுக்கிற நேரத்தில் அவர் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பார். தேடியதில் இரண்டுதான் கிடைத்தன. ஒன்று வாக்காளர் அட்டை. அதில் யாரோ அதட்டியதுபோல விறைத்துப் பார்ப்பார். இன்னொன்று ஒரு கல்யாணத்தில் எடுத்த கூட்டப்படம். பச்சைப் புடவையில் வாய்விட்டுச் சிரிக்கிறார், ஆனால் பாதி முகத்தை முன்னால் நிற்பவரின் தோள் மறைக்கிறது.

சித்தப்பா அந்தச் சிரிப்பைத்தான் கேட்டார். "அட்டையில உள்ளது வேணாம்மா. அது அவ இல்ல."

சித்தியின் அண்ணன், எனக்கு மாமா, உடனே கிளம்பத் தயாராக இருந்தார். தஞ்சாவூரில் ஒரு ஸ்டூடியோக்காரர் மறைந்த முகத்தைக்கூட மற்ற படங்களைப் பார்த்துக் கையாலேயே சரிசெய்து தருவாராம். "காலைல மொத பஸ்ஸப் புடிக்கிறேன்" என்றார்.

நான் சிரித்தேன். "எதுக்கு மாமா அலையிறீங்க? சித்தப்பா ஃபோன்லேயே வந்துரும்."

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சாட் செயலி இருந்தது. கேட்டால் படம் போட்டுத் தரும். பொங்கல் பேனரின் கரும்புத் தோட்டம், காதுகுத்துப் பேனரின் மயில் எல்லாம் அது போட்டதுதான். அது முதலாளியின் கணக்கு, என் ஃபோனில் கிடையாது. சித்தப்பா ஃபோனில் இருந்தது வேறொரு செயலி. பூச்சி மருந்து பற்றிக் கேட்பதற்காக நான்தான் சில மாதங்களுக்கு முன் ஏற்றிக் கொடுத்திருந்தேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. கீழே எழுதக் கட்டம், பக்கத்தில் மைக்.

கூட்டப்படத்தை அதில் அனுப்பி, பச்சைப் புடவைக்காரரை மட்டும் தனியாக, முழுமுகமாகப் படம் செய்து தரச் சொன்னேன். அழகான தமிழில் பதில் வந்தது. இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பெண்மணியைப் பார்த்துவிட்டதாம். அவர் சிரிப்பில் இருக்கும் கனிவைப் படத்தில் கொண்டுவரப் போகிறதாம். நுணுக்கமான வேலை என்பதால் சற்று நேரம் ஆகுமாம்.

"சரியாச் சொல்லுதே! மூணாவதா நிக்கிறது அவதானே" என்றார் சித்தப்பா.

மாமா பையைக் கீழே வைத்தார். நான் கடைக்குப் போய்விட்டேன். அடுத்தடுத்து முகூர்த்த நாட்கள். பேனர் வேலை கழுத்துவரை இருந்தது.

சித்தப்பா மைக்கை அமுக்கி அதோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். இடையில் எனக்கு ஃபோன் செய்தார். "படத்துல அவளுக்கு மூக்குத்தி போட்டுருக்காங்களாம்மா. அவ மூக்கே குத்தலன்னு சொன்னேன். உடனே எடுத்துட்டாங்க."

"சரிங்க சித்தப்பா."

"மரியாதையாத்தான் பேசுறாங்க. மன்னிச்சிடுங்கன்னாங்க."

"படம் வந்துருச்சா?"

"முடிஞ்சிருச்சாம். அனுப்புறேன்னு சொல்லிட்டே இருக்காங்க. நெட்டு நம்ம ஊருல ஒழுங்கா இல்லல்ல?"

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு கையில் மவுஸும் தோளில் ஃபோனுமாக, "ஆமா, நெட்டாத்தான் இருக்கும்" என்றேன்.

படத்திறப்புக்கு முந்தின நாள் மதியம் ஊருக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. மாமா மாலைக்குச் சொல்லிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சித்தப்பா ஃபோனை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "நீ பிரிண்ட் மட்டும் போட்டுக் குடுத்துரும்மா."

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எங்கும் எழுத்துதான். "இதோ உங்கள் படம்" என்று ஒரு வரி. அதன் கீழே பச்சைப் புடவை, நெற்றியில் குங்குமம், மாலை வெளிச்சம் என்று வர்ணனை. ஓரிடத்தில் நீல நிறத்தில் ஒரு சுட்டி இருந்தது. தொட்டேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்தச் செயலி வந்தாலும் முதலாளி அதனிடம், உனக்குப் படம் போட வருமா என்று கேட்க விடமாட்டார். "கேட்டா வரும்னுதான் சொல்லும். வேலையக் குடுத்துப் பாரு" என்பார். வெள்ளைப் பின்னணியில் ஒரு சிவப்பு வட்டம் கேட்க வேண்டும். பதிலிலேயே படம் வர வேண்டும். அது விரலால் தொட்டால் பெரிதாக வேண்டும், கேலரியில் சேமிக்க முடிய வேண்டும். வார்த்தை வந்தாலோ, திறக்காத சுட்டி வந்தாலோ, பிறகு தருகிறேன் என்று வாய்தா வந்தாலோ அதற்குப் படம் போட வராது. அவ்வளவுதான் சோதனை. கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

சித்தப்பாவின் ஃபோனில் சிவப்பு வட்டம் கேட்டேன்.

"நிச்சயமாக! தூய வெள்ளைப் பின்னணியின் நடுவே அடர்சிவப்பு நிறத்தில் ஒரு முழுமையான வட்டம் இதோ" என்று எழுதியது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"வட்டம் எங்க?" என்றார் மாமா, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து.

"இதுக்குப் படம் போட வராது மாமா. நாம அனுப்புற படத்தப் பாக்கத் தெரியும். போடத் தெரியாது. சொல்ல மட்டும்தான் தெரியும்."

"அப்ப இத்தன நாளா போட்டுக்கிட்டு இருந்துச்சே?"

"ஒண்ணும் போடல. பதில் எழுதி முடிச்சதும் அதோட சரி. அதுக்கப்புறம் உள்ள எந்த வேலையும் நடக்கல."

"நாளைக்குத் துணிய விலக்கி ஊருக்கு என்னத்தக் காட்டுறது? இந்தப் போனையா?" பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "படிச்ச புள்ள சொல்லுதுன்னு பைய கீழ வச்சேன் பாருங்க மச்சான்" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. "மூக்குத்திய எடுத்துட்டேன்னாங்களே" என்றார், மெதுவாக. எந்தப் படத்திலிருந்து எடுத்தார்கள் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

தஞ்சாவூர் ஸ்டூடியோவுக்கு மாமா ஃபோன் செய்தார். நான்கு நாளாவது வேண்டும் என்றார்கள். சித்தப்பாவை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போனேன். கடைச் செயலியில் கூட்டப்படத்தையும் அட்டைப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அது உண்மையாகவே படம் போட்டது. தோளுக்குப் பின்னால் மறைந்திருந்த பாதி முகத்தைத் தானாக நிரப்பி, முழுமுகமாக, தெளிவாக, பல்வரிசை மின்ன ஒரு பெண் திரையில் வந்தார்.

சித்தப்பா நாற்காலியை இழுத்துக் கிட்டப் போய்ப் பார்த்தார். "யாரும்மா இவங்க? டீச்சர் மாதிரி இருக்காங்க."

இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு டீச்சர் வந்தார். புடவை சித்தியுடையது, நெற்றி ஏறக்குறைய அவருடையது, சிரிப்பு வேறு யாருடையதோ. தெரியாத பாதியை அது ஊகித்துத்தான் நிரப்பும். சித்தியை அது அறியாது.

"அட்டைப் படத்தையே போட்டுரும்மா" என்றார் சித்தப்பா. "நேரமாவுது. மாடு கட்டணும்."

விறைத்த அந்த முகத்தைப் பெரிதாக்கினேன். புள்ளிகள் தெரிந்தன. முடிந்தவரை மென்மையாக்கினேன். உதட்டோரத்தைத் துளி மேலே ஏற்றிப் பார்த்தேன். பொய்யாக இருந்ததால் இறக்கிவிட்டேன். பின்னால் உட்கார்ந்து சித்தப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டியில் திரும்பும்போது சட்டத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் கடைமடைவரை வந்திருக்கிறது என்று அவராகவே சொன்னார்.

மறுநாள் துணி விலகியது. பெண்கள் பக்கம் ஒரு கணம் அழுகை தடுமாறியது எனக்குக் கேட்டது. சித்தியோடு நடவுக்குப் போகிற அக்கா ஒருவர், "என்னடி இது, எங்களயெல்லாம் மொறைக்கிற" என்று படத்தைப் பார்த்தே அழுதார். சித்தி ஒருநாளும் யாரையும் முறைத்ததில்லை. அந்த வரிசையில் எல்லோருக்கும் அது தெரியும்.

யாரோ கேட்டார்கள், வேறு நல்ல படம் இல்லையா என்று. சித்தப்பா முந்திக்கொண்டார். "இருந்துச்சு. நான்தான் இதப் போடச் சொன்னேன்." எனக்காகத்தான் சொன்னார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இல்லை, என்னால்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போனேன். தஞ்சாவூருக்கு நானே போகிறேன், நாலு நாளில் அந்தச் சிரித்த படத்தை வாங்கி வந்து இதை மாற்றிவிடலாம் என்றேன். மாமாவும் ஒத்துக்கொண்டார். "நானும் வர்றேன். இந்தத் தடவ பைய கீழ வைக்க மாட்டேன்" என்றார்.

சித்தப்பா தலையை ஆட்டினார். "வேணாம்மா. ஊரு கூடித் தொறந்த படம். அத எறக்கிட்டு வேற மாட்டக் கூடாது."

"தப்பான படம் சித்தப்பா."

"மொகம் அவளோடதுதானே. அன்னிக்கு அந்த அட்டைக்குப் போட்டோ எடுக்குறப்ப நான்தான் சிரிக்காதன்னு சொன்னேன். கவர்மெண்டு படம், சிரிச்சா ஒத்துக்க மாட்டாங்கன்னு பயமுறுத்துனேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் சாமந்தி மாலையைச் சட்டத்தில் நேராக்கினார். மாலை நழுவிக்கொண்டே இருந்தது. ஆணி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் கீழேயிருந்து வேறோர் ஆணியை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு கிட்டத்தில் சித்தி என்னை நேராகப் பார்த்தார்.