நிலைப்படி இல்லாத வீடு

அலெக்சாண்டர் பம்பாயில் கட்டடக்கலை படித்தவர். பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பத்து வருஷம் வரைபடம் போட்டுவிட்டு, பிரேசர் டவுனில் தன் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். வருகிறவர்கள் கொஞ்சம்தான். வந்தவர்களிடம் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் சொல்லாமல் விடமாட்டார். அவருடைய பெருமையே அதில்தான் இருந்தது.

1936ல் அவரைத் தேடி வந்தார் ஸ்ரீகண்டன். மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மல்லேசுவரத்தில் மனை வாங்கியிருந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆத்துக்காரிக்குப் பார்வை குறைஞ்சிண்டே வரது. முழுசாப் போயிடும்னுட்டார் டாக்டர். அதை மனசுல வெச்சுண்டு போடுங்கோ," என்றார்.

அலெக்சாண்டர் அதை மட்டுமே மனசில் வைத்துக்கொண்டு போட்டார்.

மனையில் முளையடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று ஸ்ரீகண்டன் மனைவி ஜகதாம்பாளையும் ஜட்காவில் அழைத்து வந்தார். அலெக்சாண்டர் வரைபடத்தைப் பலகைமேல் விரித்து, அதிலிருந்த வடக்கு அம்புக்குறியை மனையின் வடக்கோடு பொருத்தித் திருப்பி வைத்தார். "இந்தக் காகிதத்தில் கால் அங்குலம் தரையில் ரெண்டு அடி, அம்மா. நீங்க நிக்கிற இடம் கூடம். அந்தக் கயித்துக்கு அந்தாண்ட சமையல்கட்டு. படுக்கையறையிலிருந்து குளியலறை வரைக்கும் இது ஒரே நேர் நடை."

ஸ்ரீகண்டன் குறுக்கிட்டார். "மிஸ்டர் அலெக்சாண்டர், பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுத்து. எஸ்டிமேட்டுல கால்வாசி குறைச்சாகணும். இந்த நடை எதுக்கு? ரூமுக்குள்ள ரூமா வெச்சா ரெண்டு சுவர் மிச்சம்."

"போர்ட்டிகோவை எடுத்துடலாம் சார். தேக்குக்குப் பதிலா மத்தி மரம். மேலே தளம் வேண்டாம், மங்களூர் ஓடு போடலாம். நடையை மட்டும் தொடாதீங்க."

"வாசல்ல போர்ட்டிகோ இல்லேன்னா நாலு பேர் என்ன நினைப்பா? உள்ளே நடை இருக்கறது யாருக்குத் தெரியப் போறது?"

ஜகதாம்பாள் படத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள் கதவு ஒண்ணுக்கும் நிலைப்படியைக் காணோமே. மஞ்சக் குங்குமம் எங்க வெக்கறது? சுவத்துல இதென்ன கோடு?"

"இடுப்பளவுல கல் விளிம்பு, அம்மா."

"அலங்காரமா? அதையும் அடிச்சுடுங்கோ," என்றார் ஸ்ரீகண்டன்.

இரண்டு பக்கமும் நெருக்கவே, அலெக்சாண்டருக்குச் சூடேறிவிட்டது. "அலங்காரமில்லை சார். பார்வை முழுசாப் போனப்புறம் அம்மா யார் கையையும் பிடிக்காம அதைத் தடவிக்கிட்டே போகலாம். படி இருந்தா தடுக்கும். அதுக்காகத்தான் இந்த வீடே."

ஸ்ரீகண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில்தான் அலெக்சாண்டருக்குப் புரிந்தது, அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்று. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள்.

"டாக்டர் அப்படியா சொன்னார்?" என்று அவள் கணவனைக் கேட்டாள். அவர் ஜட்காவை நோக்கி நடந்தார்.

அவள் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிக் குளியலறைப் பக்கம் வரை நடந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "விளிம்பு எந்தப் பக்கம் வரது?"

"குளியலறைக்குப் போகும்போது வலது கைப் பக்கம்."

"வலது கையில சொம்பு இருக்கும். இடது பக்கம் போடுங்கோ."

அலெக்சாண்டர் ரப்பரை எடுத்து அங்கேயே அழித்து, கோட்டை இடது பக்கம் மாற்றிப் போட்டார்.

நடை தங்கியது. போர்ட்டிகோ போயிற்று. ஸ்ரீகண்டன் அதன்பின் மேஸ்திரி மூலமாகத்தான் பேசினார். அலெக்சாண்டர் எதிரே வந்தாலும் பார்க்கமாட்டார். ஜகதாம்பாள் வாரத்துக்கொரு முறை வந்து, எழும்பி வரும் சுவர்களைக் கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள், "பூஜை ரூமுக்கு நீலம் அடிச்சுடுங்கோ. சீக்கிரமா அடிச்சா தேவலை," என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. பூச்சு காயவே இல்லை. மழை விடுவதற்குள் அவளுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே மிஞ்சின.

வேலை முடிந்ததைப் பார்வையிட அலெக்சாண்டர் போனபோது பூஜை அறை வெறும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. சாயச் செலவு எதற்கென்று ஐயா நிறுத்திவிட்டார் என்றான் மேஸ்திரி. ஜகதாம்பாள் வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஸ்ரீகண்டன்.

"நீலம் நன்னா வந்திருக்கா?"

ஸ்ரீகண்டன் மாதக்கணக்கில் பார்க்காதவர், அன்று அலெக்சாண்டரையே பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு, அம்மா."

அவள் தலையசைத்தாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் தன் கைக்காசில் ஒரு பெயிண்டரை அனுப்பினார். வேலை முடிந்துவிட்டது, யாரும் தேவையில்லை என்று வாசலிலேயே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறமும் அலெக்சாண்டர் பல வீடுகள் போட்டார். இது ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "இப்படித்தான் நல்லாயிருக்கும்," என்று மட்டும் சொல்வார்.