ஒன்பதாம் நம்பர் ஜெர்சி

ஓமலூரைத் தாண்டி, நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவே இருக்கிற அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் ஷிரீனுக்கு வைத்திருந்த பெயர் ‘கையெழுத்து டீச்சர்’. காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். கேட்டால் கோபம் வராது என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சேலம் டவுனில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற ரஷீத் பாயின் மூத்த மகள் அவள். கல்லூரியில் வாலிபால் ஆடினாள். முட்டி ஒருநாள் போய்விட்டது. ஆட்டம் போனாலும் மைதானம் போகக்கூடாதென்று உடற்கல்வி படித்து டீச்சரானாள். கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. அம்மா மஸ்தான் பீவிக்குத்தான் வருத்தம். காலையில் டவுன் பஸ், சாயங்காலம் திரும்ப அதே பஸ்.

அவள் வந்த புதிதில் அந்த விளையாட்டு அறையில் காற்றுப்போன பந்துகளும், மருந்து காய்ந்துபோன முதலுதவிப் பெட்டியும்தான் கிடந்தன. நல்ல பந்தெல்லாம் ஊரில் செல்வாக்கான வீட்டுப் பையன்களின் கட்டிலுக்கடியில் இருந்தன. ஷிரீன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு நீளமான நோட்டை வாங்கிக் கோடு போட்டாள். வாங்கும் தேதி, பெயர், வகுப்பு, பொருளின் எண், கொடுக்கும்போது எப்படி இருந்தது, வாங்கினவர் கையெழுத்து. பிறகு திருப்பிய தேதி, திரும்பும்போது எப்படி இருக்கிறது, திரும்பவும் கையெழுத்து. பந்துக்கெல்லாம் மார்க்கரில் எண் போட்டாள். பஞ்சு, பேண்டேஜ் திரும்பி வராத பொருள் என்பதால் அதற்குத் தனிப் பக்கம்: யாருக்கு, எந்தக் காயத்துக்கு, மீதி எவ்வளவு, மருந்து எந்த மாதம் காலாவதி. வாங்கினவர்தான் திருப்பித் தரவேண்டும், வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பக் கூடாது என்பது அவள் சட்டம். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் கூலிக்காரர் வீட்டுப் பெண் பிள்ளைகளின் கைக்கும் நல்ல பந்து வந்தது.

தனப்பிரியா அப்படி வந்த பிள்ளை. பத்தாம் வகுப்பு. கோ-கோவில் அவள் ஓடினால் துரத்துகிறவளுக்கு அவள் நிழல்தான் கிடைக்கும். மாவட்டப் போட்டிக்குத் தேர்வானபோது ஒன்பதாம் நம்பர் ஜெர்சியும், முட்டிக்கு ஒரு நீக்கேப்பும் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வெளியூர் போட்டி என்பதால் சம்மதப் படிவத்தில் அவள் அம்மா ராசம்மாள் கையெழுத்துப் போட்டு, “டீச்சர், உங்க நம்பர் ஒண்ணு குடுங்க” என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள். அணி அரையிறுதியில் தோற்றுத் திரும்பியது. அடுத்த வாரம் எல்லாரும் ஜெர்சியைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தனப்பிரியா மட்டும் வரவில்லை. பள்ளிக்கே வரவில்லை.

“காய்ச்சலாம் டீச்சர்,” என்றாள் அவளுடன் பஸ்ஸில் வருகிற பிரவீனா. அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

மறுநாளும் வரவில்லை. ராசம்மாள் கொடுத்திருந்த போன் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வகுப்பாசிரியர், “திங்கக்கிழமை வந்துரும் டீச்சர்” என்றார். திங்கட்கிழமை வந்தது அந்தப் பிள்ளையில்லை. அவளுடைய தாய்மாமன்.

விளையாட்டு அறை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக்கை. “என் பேரு சின்னண்ணனுங்க. தனப்பிரியாவோட மாமன். எச்.எம். சாரு உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாருங்க,” என்று ஒரு தாளை நீட்டினார்.

மாற்றுச் சான்றிதழுக்கான பாக்கியில்லாச் சீட்டு. நூலகம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. விளையாட்டு என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் டிசி. அப்படி யாரும் வாங்கி அவள் பார்த்ததில்லை.

“எந்த ஸ்கூலுக்குப் போகுதுங்க?”

“பள்ளிபாளையத்துப் பக்கமுங்க. அங்க நம்ம சொந்தம் இருக்குது.” அவர் கையிலிருந்த துணிக்கடைப் பையை மேஜைமேல் வைத்தார். “துணியக் குடுத்தாத்தான் கையெழுத்துப் போடுவீங்கன்னாங்க. அதையும் கொண்டாந்துட்டேன்.”

ஷிரீன் நீக்கேப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எப்போதும் செய்கிறபடியே ஜெர்சியை மேஜையில் விரித்தாள். எண் சரி. தையல் சரி. கழுத்துப் பட்டையைத் திருப்பியபோது கை நின்றது. கழுத்தின் உட்பக்கம் முழுக்க மஞ்சள். தோளிலும் விரல் தடம்போல மஞ்சள். துவைத்தும் போகாத, கைகளால் அள்ளிப் பூசிய கறை.

“இது என்னங்க மஞ்சள்?”

“மாரியம்மன் பண்டிகைங்க. மஞ்சத் தண்ணி ஊத்தினாங்க.”

ஊற்றிய தண்ணீர் துணி முழுக்க வழிந்திருக்கும். இது கழுத்திலும் தோளிலும் மட்டும் இருந்தது. நலங்கு வைக்கும்போது அப்படித்தான் பூசுவார்கள். பட்டையைப் பழையபடி திருப்பி வைத்தாள். குரலையும் மாற்றாமல் வைத்துக்கொண்டாள்.

“வாங்கினது தனப்பிரியாங்க. அவ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நான் வரவு வைக்க முடியும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

சின்னண்ணன் சிரித்தார். “ஒரு பனியனுக்குங்களா டீச்சர்?”

“பந்துக்கும் அதேதாங்க.”

அவர் சுவரில் மாட்டியிருந்த வளையங்களையும் ஸ்கிப்பிங் கயிறுகளையும் மெதுவாகப் பார்த்தார். “நீங்க சேலத்துல இருந்து பஸ்ஸுல வாரீங்க, இல்லீங்களா? சாயங்காலம் நம்ம ஊர் நிறுத்தத்துல தனியா நிக்கறதைப் பாத்திருக்கேன்,” என்றார். ஜெர்சியை மேஜையிலேயே விட்டுவிட்டு, தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஷிரீன் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அறிவழகன் கெட்டவரில்லை. எதற்கும் பயப்படுகிறவர்.

“பண்டிகைன்னு சொல்றாருல்ல டீச்சர். நாம ஒண்ணு நெனச்சு, அது வேற ஒண்ணா இருந்தா? ஊரே நம்ம மேல திரும்பிரும்.”

“பண்டிகையா இருந்தா அதிகாரிங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும் சார். பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு. அவளோட பிறந்த தேதி மட்டும் எடுத்து வையுங்க, கேப்பாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஷிரீன் வராந்தாவிலேயே நின்று குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள்: பெயர், வயது, ஊர், வீட்டு அடையாளம். சொன்னவர் பெயர் வெளியே வராது என்றாள். இன்று யார் அந்த வீட்டுக்குப் போனாலும் சின்னண்ணனுக்கு ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும் என்று ஷிரீனுக்குத் தெரியும்.

மத்தியானமே சமூக நலத்துறை அம்மாவும் போலீஸும் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. வாசலில் பந்தக்கால் நட்டிருந்த குழி மட்டும், புதுமண் தள்ளி மூடப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றார்களாம். எந்தக் கோயில் என்று யாரும் சொல்லவில்லை.

அதைக் கேட்டபிறகு ஷிரீனால் உட்கார முடியவில்லை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்து, அந்த ஆளை நிம்மதியாக அனுப்பிவிட்டு, பிறகு போன் செய்திருந்தால்? தன் சட்டத்தைப் பேசி அந்த ஆளை உஷார்ப்படுத்திவிட்டது அவளேதானா? விளையாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யாரோ பந்து கேட்டு வந்தார்கள். நோட்டைத் திறந்தாள், தேதி எழுதினாள், கையெழுத்து வாங்கினாள். கை தானாக வேலை செய்தது. அந்த ஜெர்சி மேஜை ஓரத்தில், கையை அகட்டிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி கிடந்தது.

கடைசிப் பீரியடுக்கு முன்னால் பிரவீனா தயங்கித் தயங்கி வந்தாள். “டீச்சர், எங்கம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு. மாப்பிள்ளைக்கு போர் போடுற ரிக் வண்டியில வேலையாம். வடக்க போயிட்டா ஆறு மாசம் வரமாட்டாராம். அதனாலதான் அவசரமாம்.” எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. சொல்லிவிட்டு அழுதாள்.

பள்ளி விடுகிற மணி அடிக்கிற நேரத்துக்கு ஷிரீனின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“டீச்சருங்களா? நான் தனப்பிரியா அம்மாங்க.” ராசம்மாள் கிசுகிசுப்பாகப் பேசினாள். பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம். “இது பூக்காரம்மா போனுங்க. சீக்கிரம் குடுக்கோணும். இளம்பிள்ளைக்கு மேக்கால, தறிப்பட்டறைய ஒட்டி ஒரு பெருமாள் கோயிலுங்க. விடியக்கால முகூர்த்தம். எங்கண்ணன் சொன்னா சொன்னதுதானுங்க, என்னால ஒண்ணும் பேச முடியலீங்க.”

“தனப்பிரியா எப்படி இருக்கா?”

“நலங்கு வெக்கறப்பவும் அந்த பனியனக் கழட்ட மாட்டேன்னுட்டாளுங்க. டீச்சர்கிட்ட நாந்தான் திருப்பிக் குடுக்கோணும், நாந்தான் கையெழுத்துப் போடோணும்னு ஒரே புடியா இருந்தா. பொறவு நாந்தானுங்க கைய முறுக்கிக் கழட்டினேன்.” போன் கட்டானது.

ஷிரீன் உடனே 1098-க்கு மறுபடி போன் செய்து அந்த இடத்தை அப்படியே சொன்னாள். இருட்டுவதற்குள் அதிகாரியும் போலீஸும் அந்தக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். தனப்பிரியா மடப்பள்ளி அறையில் உட்கார்ந்திருந்தாளாம், பட்டுப்புடவையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு. அதிகாரி பெயர் கேட்டதும் பெயரையும் வகுப்பையும் பிறந்த தேதியையும் ஒரே மூச்சில் சொன்னாள். கல்யாணம் நின்றது. பதினெட்டு வயது ஆகும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சின்னண்ணனும் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கும் பதிவானது. அவளைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, விடுதியில் சேர்த்து, பரீட்சை வரைக்கும் அங்கிருந்தே பள்ளிக்கு வர ஏற்பாடு செய்தார்கள்.

அவள் திரும்பி வந்த முதல் நாள் ஷிரீன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மணிக்கட்டில் நகக்கீறல் பழுத்திருந்தது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்து போட்டுக் கட்டினாள். பதிவேட்டில் காயத்தின் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. “என்ன எழுதட்டும்?”

“வீட்டுலன்னு எழுதுங்க டீச்சர்,” என்றாள் தனப்பிரியா. “அம்மான்னு எழுத வேண்டாம்.”

ராசம்மாள் அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போனாள். உதடு வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று ஷிரீன் கேட்டதற்கு, கீழே விழுந்துவிட்டேன் என்றாள். நம்புகிற மாதிரி சொல்லக்கூட அவள் மெனக்கெடவில்லை. பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தபோது வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். போன் வரவில்லை.

சின்னண்ணன் எதுவும் செய்யவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டதால் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மைதானத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் சாயங்காலம் ஒரு பைக் நிற்கிறது. சிலநாள் அவர், சிலநாள் வேறு யாரோ. எஞ்சினை அணைப்பதில்லை.

ஷிரீன் பயிற்சியை மைதானத்திலிருந்து கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன இடத்துக்கு மாற்றிவிட்டாள். அங்கே ஓட இடம் போதாது. பிள்ளைகள் சுவரில் மோதிக்கொள்கிறார்கள், பேண்டேஜ் சீக்கிரம் தீர்கிறது. தம்பி பயாஸ் தினமும் வண்டியில் வந்து கூட்டிப்போகிறேன் என்கிறான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. விடுதி வேன் வரும்வரை தனப்பிரியாவோடு கேட்டுக்கு உள்ளே நிற்கிறாள். வேன் போனபின் தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறாள். பின்னால் எஞ்சின் சத்தம் மெதுவாக வருகிறது. அவள் நடையைக் கூட்டுவதுமில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை.