சுரண்டாத பாதி

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால், வகுப்புக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டின் புல்லை முதலில் சுரண்டியால் வழித்துவிடுவோம். சிவப்பு மண் தெரிந்தால்தான் துப்புரவு என்பது இங்கே வழக்கம். மழை பெய்ததும் அந்தத் துப்புரவு முழுவதும் கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் வந்து கிடக்கும்.

இந்த முறை பாதி மேட்டைத் தொட விடமாட்டேன் என்றேன். பாடசாலை அதிபரின் முகம் கறுத்தது; மற்றப் பாதியை மட்டும் வழித்தோம்.

மழை விட்டதும், கணித பாடவேளையில் எட்டாம் தரப் பிள்ளைகளை அளவுநாடாவுடன் கூட்டிப்போனேன். இரண்டு பாதிகளுக்கும் கீழே தனித்தனிக் கான். படிந்த மண்ணின் நீள அகலத்தைப் பார்த்து, ஆழத்தைப் பல இடங்களில் அளந்து சராசரி எடுத்து, பிள்ளைகள் கனவளவு கண்டார்கள். புல் இருந்த பக்கத்து மண் ஒரு வாளிக்குக்கூடக் காணாது. சுரண்டிய பக்கத்தில் கானே மூடிப்போயிருந்தது.

வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த பாட ஆலோசகர் எங்களைப் பார்த்துவிட்டார். "டீச்சர், இது கணித பாடம். சுற்றாடலுக்கு வேற பாடம் இருக்குதானே?"

"கனவளவும் சராசரியும் கணிதம்தானே சேர்? புத்தகத்துல உள்ள தண்ணித் தொட்டிக்குப் பதிலா எங்க மண்ண அளக்கிறோம். மேடு சரிஞ்சா இந்தப் பிள்ளைங்க மேலதான் விழும்."

அவர் அதிபரின் பக்கம் திரும்பினார். "மத்தப் பாதியையும் சுரண்டிருங்க, பார்க்க அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே சுரண்டிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில் இருக்கிறது. வழித்த பாதியிலும் இப்போது புல் முளைக்கிறது. அதன் உயரத்தைப் பிள்ளைகள் வரைபாகக் கீறுகிறார்கள், கணித பாடவேளையில்தான்.