இரண்டாவது போன்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசிலிருந்து கண்ணை எடுக்காதவள் நான். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று எடையைக் கழித்துக் கழித்தே தோட்டத்தில் என்னை இப்படி ஆக்கிவிட்டார்கள். அதனால், பெண்கள் சேமிப்புக் குழுவின் கணக்கை இனி போனில்தான் பதிய வேண்டும் என்று ஹட்டனில் இருக்கும் எங்கள் குழுக்களின் சம்மேளனம் சொன்னபோதே எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொப்பியில் எழுதினால் அடித்தது தெரியும், திருத்தியது தெரியும். போனில் என்ன தெரியும்?

குழுவுக்கு நான் செயலாளர். பொருளாளர் பக்கத்து லய வரிசையில் குடியிருக்கும் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். ஞாயிறு மத்தியானம், வேலை நாளில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் நடக்கும். ஒவ்வொருத்தியும் டப்பாவில் காசு போடப் போட, அவள் போனில் பதிவாள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. அவள் சாயங்காலம் கோயில் மேட்டுக்கு ஏறி ஒரு பொத்தானை அழுத்தினால்தான், அந்த வாரத்துப் பதிவு ஹட்டனில் உள்ள சேர்வருக்குப் போகும்.

ஒருநாள் அவள் கையில் புதுப் போன் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமே கணக்குப் பதியும் அதே ஆப்பை என் போனிலும் போட்டுக்கொண்டேன். செயலாளருக்கு அந்த உரிமை உண்டு. இரண்டு ஞாயிறு டப்பாவை ஒட்டி உட்கார்ந்து, என் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பதிந்தேன். நடுவில் எழும்பக் கூடாது என்று, என் காசை மட்டும் கூட்டம் தொடங்கும் முன்பே அவள் கையில் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில், சிக்னல் எடுக்கும் தண்ணித் தாங்கியடியில் நின்று நானும் பொத்தானை அழுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது என்ன காவல்?

அந்த நேரத்தில்தான் மகளுக்குத் தாதியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். குழுவில் கடன் கேட்டேன். பன்னிரண்டு வாரம் விடாமல் சேமித்திருந்தால்தான் கடன். சம்மேளனத்தில் கணக்குப் பார்க்கும் மிஸ் போனில் சொன்னார்: "கடைசி ரெண்டு வாரமும் நீங்க காசு போடலியே அக்கா."

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"என் காசு எங்க?"

"போட்டுட்டேன்க்கா. இந்தா, என் போன்ல இருக்கு பாருங்க."

"உன் போன்ல இருக்கும். ஹட்டன்ல இல்லியே. நீ புதுப் போன் வாங்கினது எப்படின்னு இப்பத்தான் வெளங்குது."

அந்தப் போன் அவள் தம்பி கொழும்பிலிருந்து கொண்டுவந்தது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். நான்தான் கேட்கவில்லை. அவள் டப்பாவைக் குழுத் தலைவியிடம் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு ரெண்டு பேரும் ஹட்டனுக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

மிஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். "பேங்கில போட்ட காசு சரியா இருக்கு. பதிவுலதான் கொறையுது" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ரெண்டு கூட்டத்துக்கும் ரெண்டு ரெண்டு பதிவு வந்திருக்கு. ஞாயித்துக்கெழம ஒண்ணு, அதுல உங்க பேருல காசு இருக்கு. திங்கக்கெழம வேறொரு போன்ல இருந்து ஒண்ணு, அதுல இல்ல. ஒரே கூட்டத்துக்கு ரெண்டு வந்தா, கடைசியா வந்ததத்தான் சேர்வர் எடுத்துக்கும். அந்தத் திங்கக்கெழம போன் யாருடையது?"

டப்பாவில் காசு போட்ட ஒவ்வொருத்தியையும் பார்த்துப் பதிந்த நான், முன்பே அவள் கையில் கொடுத்த என் காசைப் பதியவே இல்லை. அவள் சரியாக எழுதியதை, இரண்டு வாரமும் தண்ணித் தாங்கியடியில் நின்று அழித்தது நான்தான்.

"என்னோடதுதான்" என்றேன்.

மிஸ் ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளைத் திருப்பி எடுத்தார். கடன் படிவத்தில் பொருளாளர் கையெழுத்தும் வேண்டும். அவள் பேனாவை வாங்கிப் போட்டாள். வியாழக்கிழமை மகளுக்குப் பணம் கட்டினேன்.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றாள். அந்த ஆப்பையும் என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், மற்றவர்கள் காசை வாங்கிப் பதிந்து முடித்துவிடுகிறாள். என் முறை வந்தால் மட்டும் போனை என் பக்கம் திருப்பி, நான் தலையாட்டும் வரை பிடித்துக்கொண்டே இருக்கிறாள்.

"பாருங்கக்கா, போட்டுட்டேன்."