மூலையில் ‘1’ என்று அச்சிட்ட சீட்டு

2006 ஐப்பசி, காலை ஏழே கால். தேங்காய்த்திட்டுத் துறைமுகம். நேற்று போன படகு ஒன்று இன்னும் திரும்பவில்லை. தேடப் போகும் படகில் இன்னும் ஓர் ஆள் வேண்டும். கடல் கொந்தளிப்பதால் சேகரும் மணியும் சீட்டெடுக்கிறார்கள். சின்னச் சீட்டு எடுப்பவர் போகவேண்டும். ஏஸ்தான் பெரிது என்று பேச்சு. இனமும் மதிப்பும் இல்லாத ஜோக்கரை முதலிலேயே எடுத்துவிட்டார்கள்.

மணிக்குச் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின், இரண்டு. சேகருக்கு இஸ்பேட், மூலையில் ‘1’.

“ஒண்ணு! கெளம்புடா மாப்ள,” என்று மணி சிரிக்கிறார்.

சேகர் சட்டையைக் கழற்றுகிறார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் சீட்டுக்கட்டை வாங்கிப் பார்க்கிறேன். பிரான்சிலிருந்து யாரோ கொண்டுவந்தது. நான்கு இனங்களும் நம் சீட்டில் இருப்பவைதான். ஆங்கிலேயர் அவற்றைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். எழுத்துகள்தான் வேறு. ராஜாவுக்கு ‘கே’ இல்லை, ‘ஆர்’. ராணிக்கு ‘டி’, ஜாக்கிக்கு ‘வி’. இஸ்பேட் ராஜாவின் ஓரத்தில் தாவீது என்ற பெயர்கூட இருக்கிறது. ஏஸில் ‘ஏ’ என்ற எழுத்துக்குப் பதிலாக ‘1’ என்றுதான் அச்சிடுவார்கள்.

“அதுதாங்க ஏஸ்,” என்று மற்ற சீட்டுகளையும் காட்டிச் சொல்கிறேன்.

மணியின் சிரிப்பு நிற்கிறது. “அலை எவ்ளோ ஒசரம்னும் படிச்சிருக்கீங்களா சார்?”

மணி படகில் ஏறுகிறார். கயிற்றை அவிழ்த்ததும் என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

“குருசுக்குப்பத்துலதான் என் வூடு. என் பொண்டாட்டிகிட்ட நான் ஏன் போனேன்னு நீங்களே போயி சொல்லிடுங்க சார்.”